தெரியாத மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்: சக ஊழியரைத் துணைக்குக் கேட்பது எப்படி?

வெண்ணிலா

வணக்கம். இத்தனை வருடமும் ஜாவாவில்தான் வேலை பார்த்தேன். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கிளையண்டின் பிரீமியம் பில்லிங் ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள். முழுக்க மெயின்ஃப்ரேம். ராத்திரி முழுக்க பேட்ச் ஜாப்கள் ஓடும், உள்ளே எல்லாம் கோபோல் புரோகிராம்களும் அவற்றை ஓட்டும் ஜேசிஎல்லும்தான். ப்ராஜெக்டைப் புரியவைக்க, கேடி என்று சில வீடியோக்கள் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். திரையில் ஒருவர் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருக்கிறார், ஆனால் ஏன் அந்த இடத்துக்குப் போகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

தனியாக முட்டிக்கொள்வதைவிட யாரையாவது துணைக்குக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் மனதில் இருக்கிறார்கள். ஒருவர் இந்த சிஸ்டத்தை வெகுகாலமாகப் பார்த்துக்கொள்ளும் சீனியர். நல்ல மனிதர், ஆனால் காதில் ஹெட்செட் இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம். இன்னொருத்தி என்னோடு சேர்ந்தே இந்த ப்ராஜெக்டுக்கு வந்தவள். முன்பு வேறொரு மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்டில் டெஸ்டிங் செய்திருக்கிறாள், கோபோல் எழுதியதில்லை.

யாரைக் கேட்பது? எப்படிக் கேட்பது? அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு நான் என்ன கொடுக்க முடியும் என்பதும் உறுத்துகிறது. கொஞ்ச நாளில் ஆன்கால் ரோட்டாவில் என் பெயரும் வந்துவிடும்.

ராஜா_மதுரை

சீனியரைத்தான் கேட்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தெரியாத இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் தப்பான புரிதல்தான் இரட்டிப்பாகும். அதுவும் பேட்ச் சிஸ்டத்தில் தப்பாகப் புரிந்துகொண்டு கை வைத்தால் மறுநாள் காலை பில்லிங்கே நிற்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். அப்புறம் போட்டுப் போட்டுப் பாருங்கள்.

சுபா_எல்

உங்கள் கம்பெனியில் எச்ஆர் இதைச் செய்வதில்லையா? எங்களிடம் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் 'பட்டி' என்று ஒருவரை அவர்களே போட்டுவிடுவார்கள். கேன்டீன், பஸ் பாஸ், லீவு போடும் போர்ட்டல் எல்லாம் அவர்தான் காட்டிக் கொடுப்பார். எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டால் போதுமே.

வெண்ணிலா

சுபா, நான் கம்பெனிக்குப் புதியவள் இல்லை, ப்ராஜெக்டுக்குத்தான் புதியவள். வேலையையே கூட உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். ராஜா சார், ரெக்கார்டிங்தான் ஏற்கெனவே என்னிடம் குவிந்து கிடக்கிறது.

பழைய_ஸ்பூல்

இரண்டு பேரையும் கேளுங்கள் வெண்ணிலா. ஆனால் ஒரே விஷயத்தைக் கேட்காதீர்கள். தினமும் கூட உட்கார அந்தப் பெண்தான் சரி. சீனியரிடம் வாரத்துக்கு ஒரு சின்ன நேரம் போதும், நீங்கள் இருவருமாக முட்டிப் பார்த்து மிஞ்சியதை மட்டும் அவரிடம் கொண்டுபோங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். "கொஞ்சம் ஹெல்ப் பண்ண முடியுமா" என்று கேட்டால், கேட்கப்படுகிறவருக்கு அதற்கு எல்லையே தெரியாது. இன்றைக்குப் பத்து நிமிடமா, ஆறு மாதமா? பிஸியான ஆள் சிரித்துக்கொண்டே "ஷ்யூர்" என்பார், அப்புறம் கண்ணிலேயே படமாட்டார். அதனால் எந்த ஜாப், எந்த நாள், எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்ற நான்கும் கேட்கும்போதே இருக்கட்டும். நான் என் டீமில் புதிதாக வருபவர்களிடம் இந்த மாதிரி எழுதச் சொல்வேன்:

"சார், நானும் அவளும் இந்த மாதம் பில்லிங் சைக்கிளில் ஒரே ஒரு ஜாப்பை எடுத்து முழுசாகப் புரிந்துகொள்ளப் போகிறோம். செவ்வாய்க்கிழமை மதியம் 20 நிமிடம் உங்களோடு உட்கார முடியுமா? கேள்விகளை முந்தின நாளே அனுப்பிவிடுகிறோம். நீங்கள் சொல்வதை நாங்களே எழுதி டீம் விக்கியில் போடுகிறோம், நீங்கள் ஒரு முறை பார்த்துத் திருத்தினால் போதும். மாதக் கடைசியோடு முடித்துக்கொள்கிறோம்."

பதிலுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டீர்களே, அந்த விக்கிப் பக்கம்தான். சப்போர்ட்டில் வெகுகாலம் இருப்பவருக்கு எழுத நேரமே கிடைத்திருக்காது. நடுராத்திரி போன் அவருக்கே வருவதற்குக் காரணமும் அதுதான்.

சிஸ்டம் முழுவதையும் புரிந்துகொள்ளக் கிளம்பாதீர்கள். ஒரு ஜாப்பை எடுங்கள். வெளியிலிருந்து ஒரு ஃபைல் வந்து, சார்ட் ஆகி, ஒரு கோபோல் புரோகிராம் அதைப் படித்து டேபிளை அப்டேட் செய்து, ஒரு ரிப்போர்ட் வெளியே வருகிற மாதிரி இருந்தால் நல்லது. அந்த ஒன்றை முதல் ஸ்டெப்பிலிருந்து கடைசி ஸ்டெப் வரை இருவரும் சொல்லிக்காட்ட முடிந்தால், அடுத்த ஜாப்பில் பாதி தானாகப் புரியும்.

ராஜா சொன்ன ஆபத்து நிஜமானதுதான். ஜேசிஎல்லில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு:

```
//STEP040 EXEC PGM=BILLUPD,COND=(4,LT)
```

இதைப் புதிதாகப் பார்க்கும் இருவர், "ரிட்டர்ன் கோட் 4-ஐவிடக் குறைவாக இருந்தால் இந்த ஸ்டெப் ஓடும்" என்று பேசி முடிவு செய்துவிடுவார்கள். விஷயம் வேறு. "முந்தைய ஸ்டெப்களில் எதன் ரிட்டர்ன் கோடாவது 4-ஐவிடப் பெரியதா? அப்படியானால் இந்த ஸ்டெப்பை ஓட்டாதே" என்பதுதான் அது. 4 வந்தாலும் ஓடும், 8 வந்தால் ஓடாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாக நினைத்தால் யார் திருத்துவது? ஸ்பூல் திருத்தும். பழைய ரன்களின் அவுட்புட்டை SDSF-இல் திறந்து, முந்தைய ஸ்டெப்பில் 8 வந்த ஒரு ராத்திரியைத் தேடுங்கள். `STEP WAS NOT EXECUTED` என்று அங்கே எழுதியிருக்கும். இருவரும் ஒத்துக்கொண்டதாலேயே ஒரு விஷயத்தை விக்கியில் ஏற்றக்கூடாது. அவுட்புட்டில் கண்ணால் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

ராஜா_மதுரை

COND விஷயம் சரி. ஆனால் எல்லாமே ஸ்பூலில் தெரிந்துவிடாது. பிசினஸ் ரூல் தப்பாகப் புரிந்திருந்தால் ஜாப் சமத்தாக 0000 கொடுத்து முடிந்துவிடும். அதற்கு ஆள்தான் வேண்டும்.

பழைய_ஸ்பூல்

ஒத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை 20 நிமிடம் அதற்குத்தான்.

மலர்_ஆர்

அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். முந்தைய கம்பெனியில் நான்தான் அந்தச் சீனியர். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஆனால் என் மேனேஜருக்குத் தெரியாமலே அத்தனையும் நடந்தது. டைம்ஷீட்டில் அதற்கு இடமில்லை, அப்ரைசலில் ஒரு வரி இல்லை. "உன் வேலை ஏன் பிந்துகிறது" என்ற கேள்வி மட்டும் வந்தது. எனவே வெண்ணிலா, சீனியரைக் கேட்கும் அதே மெயிலில் இரண்டு மேனேஜர்களையும் சேருங்கள். அது அவர் மேல் வைக்கும் மரியாதை.

இன்னொன்று. கேள்வி எப்படி வருகிறது என்பதை வைத்தே எனக்கு உதவ மனம் வருமா வராதா என்று தெரிந்துவிடும். "ஜாப் ஃபெயில் ஆயிடுச்சு அக்கா" என்றால் நான் முதலிலிருந்து தோண்ட வேண்டும். "இந்த ஸ்டெப்பில் இந்த அபெண்ட், நாங்கள் இதையெல்லாம் பார்த்தோம், இது காரணமாக இருக்குமோ என்று நினைக்கிறோம்" என்றால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். ராத்திரி பதினோரு மணிக்குக்கூடச் சொல்வேன்.

நோட்ஸை அவர்களே எழுதி நான் திருத்தியதில் எனக்கும் பெரிய லாபம் கிடைத்தது. ஒரு பெண், ஜாப்பை நடுவிலிருந்து ரீஸ்டார்ட் செய்வது எப்படி என்று எழுதி அனுப்பினாள். ஜாப் கார்டில் `RESTART=STEP040` போடு, சப்மிட் செய், அவ்வளவுதான். எங்கள் ரன்புக்கில் இருந்ததும் அதேதான். படித்தபோதுதான் உறைத்தது, நான் கையால் செய்கிற ஒரு வேலை அதில் இல்லவே இல்லை. STEP020 ஒரு ஜிடிஜி ஃபைலின் அடுத்த பதிப்பை (+1) என்று உருவாக்கும், STEP040 அதே (+1)-ஐப் படிக்கும். முழு ஜாப்பும் ஓடும்போது இரண்டும் ஒரே ஃபைல். ஆனால் STEP020 நல்லபடியாக முடிந்து ஃபைல் கேட்டலாக் ஆன பிறகு STEP040-இலிருந்து ரீஸ்டார்ட் செய்தால், அந்த ஃபைல் இப்போது (0), அதாவது இருப்பதில் கடைசிப் பதிப்பு ஆகிவிட்டது. ஜேசிஎல்லில் (+1) என்றே விட்டால் இன்னும் பிறக்காத ஃபைலைத் தேடும். நான் ஒவ்வொரு முறையும் அதை (0) என்று மாற்றித்தான் சப்மிட் செய்வேன். கை தானாகச் செய்யும், யாருக்கும் சொன்னதே இல்லை. நான் லீவில் இருந்த ராத்திரிகளில் ரீஸ்டார்ட் ஏன் சொதப்பியது என்பது அன்றைக்குத்தான் டீமுக்கே புரிந்தது.

டொரண்டோ_தமிழ்

நான் க்ளவுடு பக்கம், மெயின்ஃப்ரேம் தெரியாது. என் துணை ஆள் கோயம்புத்தூரில், நான் இங்கே. எங்களுக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது அவருடைய சாயங்காலம் மட்டும்தான். ஸ்க்ரீன் ஷேர் போட்டால் அவரே படபடவென்று டைப் செய்துவிடுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் எனக்கு எதுவும் கையில் நிற்பதில்லை. இதை எப்படிச் சொல்வது? மனம் நோகக்கூடாது.

மலர்_ஆர்

ஸ்க்ரீனை நீங்கள் ஷேர் செய்யுங்கள். கீபோர்டு உங்களிடம் இருந்தால் அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லும்போது "ஏன்" என்பதும் கூடவே வரும். "இன்றைக்கு நான் டைப் செய்கிறேன், எங்கே தடுமாறுகிறேன் என்று பாருங்கள்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெதுவாகத்தான் போகும், அதற்கு அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெண்ணிலா

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சீனியர் செவ்வாய் 20 நிமிடத்துக்குச் சரி என்றார். "கேள்வியை முன்னாடியே அனுப்புகிறோம்" என்ற வரியைத்தான் அவர் மேனேஜரிடமும் காட்டினாராம். என் தோழி கேட்டவுடன் வந்துவிட்டாள், அவளுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது.

டெஸ்ட் ரீஜியனில் எங்கள் ஜாப்பை ஓட்டினோம். S0C7 என்று அபெண்ட் ஆனது. எனக்கு அது வெறும் எண். "இது டேட்டா எக்ஸெப்ஷன், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர் இல்லை" என்றாள் அவள், டெஸ்டிங்கில் பார்த்திருக்கிறாள். டம்பில் இருந்த ஆஃப்செட்டைக் கம்பைல் லிஸ்டிங்கில் தேடினோம். பிரீமியத்தைக் கூட்டும் ஒரு ADD வரியில் போய் நின்றது. ஃபீல்டு இதுதான்:

```
05 IN-PREM  PIC S9(7)V99 COMP-3.
```

இன்புட் ஃபைலைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். நல்ல ரெக்கார்டிலும் புரியாத குறிகள். இது கெட்டுப்போன டேட்டா என்றே நினைத்தேன். அவள் `HEX ON` என்று டைப் செய்யச் சொன்னாள். கீழே இரண்டு வரி எண்கள் வந்தன:

```
01357
0246C
```

நான் இடமிருந்து வலமாகப் படித்து முழித்தேன். "மேலிருந்து கீழே படி" என்றாள். 00, 12, 34, 56, 7C. கடைசியில் இருக்கும் C கூட்டல் குறி, D என்று இருந்தால் கழித்தல். ஆக 12345.67. எந்த வீடியோவிலும் இது இல்லை, எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போல. அப்புறம் கீழே நகர்த்திக்கொண்டே போனோம், ஒரு ரெக்கார்டில் இப்படி:

```
44444
00000
```

ஐந்து பைட்டும் 40, அதாவது ஸ்பேஸ். கடைசியில் C, D, F மாதிரி எந்தக் குறியும் இல்லாததால் மெஷின் கூட்ட மறுத்திருக்கிறது.

ஸ்பேஸ் எப்படி வந்தது என்பது அவளுக்கும் தெரியவில்லை. அங்கே நான் உதவினேன். ஒரு ஃபைலை யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போவது ஜாவாவில் தினமும் செய்கிற வேலைதான். ஜேசிஎல்லில் அந்த ஃபைலை எழுதும் ஸ்டெப்பைப் பிடித்து, அந்தப் புரோகிராமைத் திறந்தோம். ரத்தான பாலிசிகளுக்கு மட்டும் தனிப் பாதை. அதில் `MOVE SPACES TO OUT-REC` என்று முழு ரெக்கார்டையும் ஸ்பேஸால் நிரப்பிவிட்டு, பாலிசி எண்ணையும் தேதியையும் மட்டும் வைத்து எழுதுகிறார்கள். பிரீமியத்தைத் தொடவே இல்லை. முழு ரெக்கார்டையும் எழுத்தாகப் பாவித்து நிரப்புவதால் கம்பைலரும் ஒன்றும் சொல்லாது.

செவ்வாய்க்கிழமை சீனியரிடம் இதைக் கொண்டுபோனோம். `INITIALIZE OUT-REC` என்று மாற்றினால் எண் ஃபீல்டுகளில் பூஜ்யமும் எழுத்து ஃபீல்டுகளில் ஸ்பேஸும் போகும் என்றார். அதோடு விடாமல் "ரத்தான பாலிசிக்குப் பூஜ்யம் சரியா, இல்லை ரீஃபண்டு தொகை வர வேண்டுமா, அதைக் கிளையண்டிடம் கேட்டீர்களா" என்றார். நாங்கள் யோசிக்கவே இல்லாத கேள்வி. ராஜா சார் சொன்னது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. கிளையண்டுக்குக் கேள்வி போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை.

இரண்டு சந்தேகம். டைம்ஷீட்டில் இதற்குத் தனி கோட் தர மேனேஜர் மறுக்கிறார், "ப்ராஜெக்ட் வேலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். இன்னொன்று, இந்த HEX மாதிரி சின்ன விஷயங்களை டீம் சேனலில் போடலாமா? இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பழைய_ஸ்பூல்

போடுங்கள். கடந்த வருடம் வந்தவர்களுக்கும் அது தெரியாமல்தான் இருக்கும், கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் தனி சாட்டில் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்து வருபவரும் அதே இடத்தில் நிற்பார்.

ராஜா_மதுரை

எனக்கு உடன்பாடில்லை. சேனலில் ஒவ்வொன்றாகப் போட்டால் நாலே நாளில் மேலே போய்விடும், யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். சில டீம்களில் அதை வைத்தே ஆளை எடை போடுவார்கள், அதுவும் உண்மை. விக்கியில் மொத்தமாக எழுதுங்கள், சேனலில் லிங்க் மட்டும் போடுங்கள்.

மலர்_ஆர்

எங்கே போட்டாலும் சரி, டம்ப்பையோ ஃபைல் ஸ்க்ரீன்ஷாட்டையோ அப்படியே ஒட்டாதீர்கள். அதில் பாலிசிதாரரின் பெயர், எண், சில சமயம் வங்கிக் கணக்கு வரை இருக்கும். டெஸ்ட் ரீஜியன் என்று நம்பிவிடாதீர்கள், பல இடங்களில் அது ப்ரொடக்‌ஷனிலிருந்து காப்பி எடுத்ததுதான். இங்கே நீங்கள் 12345.67 என்று போட்ட மாதிரி, நீங்களாக ஒரு எண்ணை வைத்து எழுதுங்கள்.

டைம்ஷீட் விஷயத்தில் எனக்கும் வழி தெரியவில்லை. ப்ராஜெக்ட் வேலையில் போட்டால் உங்களுக்குச் சிக்கல் இல்லை, சீனியருக்குத்தான் சிக்கல். அவர் நேரம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். மேனேஜர் அதை மெயிலிலாவது எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

டொரண்டோ_தமிழ்

மலர், நீங்கள் சொன்னபடி நேற்று நான் டைப் செய்தேன். பாதி வேலைதான் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு கமாண்டுக்கும் ஏன் என்று கேட்க முடிந்தது. அவருக்குக் கொஞ்சம் பொறுமை போனது போல் இருந்தது, அடுத்த வாரம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன்.

பழைய_ஸ்பூல்

வெண்ணிலா, உங்கள் INITIALIZE நோட்டில் ஒரு வரி சேருங்கள். FILLER என்று பெயரிட்ட ஃபீல்டுகளை அது சாதாரணமாகத் தொடாது, முன்பு அங்கே என்ன இருந்ததோ அதுவே நிற்கும். OUT-REC-இல் FILLER இருந்தால் முந்தைய ரெக்கார்டின் மிச்சம் வெளியே போகலாம். முதலில் MOVE SPACES, அடுத்த வரியில் INITIALIZE என்று இரண்டையும் வைப்பவர்கள் உண்டு. நான் சொன்னதற்காக எழுதிவிட வேண்டாம். உங்கள் தோழியை ஒரு சின்ன டெஸ்ட் ஃபைல் தயார் செய்யச் சொல்லி, இரண்டு விதமாகவும் ஓட்டி `HEX ON` போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெண்ணிலா

OUT-REC கடைசியில் FILLER PIC X(12) இருக்கிறது. இன்றைக்கு மதியம் அவளோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறேன். இந்த முறை கீபோர்டு அவளிடம்.